முன்குறித்தலும் கத்ரும்: பொறுப்பு யாருடையது?

நடப்பதெல்லாம் இறைவன் முன்னரே தீர்மானித்தபடிதான் நடக்கிறது என்று உறுதியாகச் சொன்ன இரு பெரும் சிந்தனை மரபுகள் உண்டு. ஒன்று, 16ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவில் ஜான் கால்வின் விளக்கிய முன்குறித்தல் கோட்பாடு. மற்றொன்று, பஸ்ராவில் பிறந்து பாக்தாதில் மறைந்த இமாம் அபுல் ஹசன் அல்-அஷ்அரி 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கத்ர் என்னும் இறைவிதிக்குத் தந்த விளக்கம். அப்படியானால் திருடியவனை ஏன் குற்றவாளி என்கிறோம் என்ற கேள்வியை இரண்டும் நேருக்கு நேர் சந்தித்தன. மனிதன் செய்த செயலுக்கு அவனே பொறுப்பு என்பதை இரண்டுமே விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பொறுப்பை எதன்மேல் நிறுத்துவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

கால்வின் முன்குறித்தலை முதன்மையாக மீட்போடு சேர்த்தே பேசினார். ஆதாமின் வீழ்ச்சியால் மனித இயல்பு முழுவதும் கெட்டுவிட்டது. தன் முயற்சியால் எவரும் கடவுளிடம் திரும்ப முடியாது. அவர் தெரிந்துகொண்டவர்களே மீட்கப்படுகிறார்கள். இந்தப் போதனையை 1551 அக்டோபரில் ஜெனீவாவிலேயே ஒருவர் எழுந்து எதிர்த்தார். ஜெரோம் போல்செக் என்ற அந்த மருத்துவர் முன்பு துறவியாக இருந்தவர். இது கடவுளையே பாவத்தின் கர்த்தாவாக்குகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. அவரை நகரத்தை விட்டு வெளியேற்றினார்கள். குற்றச்சாட்டு மட்டும் வெளியேறவில்லை. கால்வினைப் பின்பற்றியவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கால்வினின் பதிலுக்கு அடிப்படை, தவிர்க்க முடியாமை வேறு, பலவந்தம் வேறு என்ற பிரிவு. கையைப் பிடித்து இழுத்துச் செய்ய வைப்பது பலவந்தம். கெட்டுப்போன மனம் தீமையைத்தான் நாடும், வேறொன்றை நாடாது என்பது தவிர்க்க முடியாமை. இரண்டாவதில் மனிதன் தான் விரும்பியதையே செய்கிறான். வெளியிலிருந்து எவரும் அவனைத் தள்ளவில்லை. சாத்தான் தீமையைத் தவிர வேறு எதையும் செய்ய இயலாதவன், ஆனாலும் அவன் குற்றவாளி அல்ல என்று யாரும் சொல்வதில்லை என்று கால்வின் சுட்டிக்காட்டினார். விருப்பம் யாருடையதோ, குற்றமும் அவருடையது.

அவர் எடுத்துக்கொண்ட சான்று யோபின் கதை. கல்தேயர் பாய்ந்து யோபின் வேலைக்காரர்களை வெட்டிவிட்டு ஒட்டகங்களைக் கொள்ளையிட்டுப் போகிறார்கள். அந்த ஒரே நிகழ்வில் கால்வின் மூன்று செயலாளிகளைக் காண்கிறார். கடவுளின் நோக்கம் யோபின் பொறுமையைச் சோதித்தல். சாத்தானின் நோக்கம் அவனை நம்பிக்கை இழக்கச் செய்தல். கல்தேயரின் நோக்கம் அடுத்தவன் சொத்தை அபகரித்தல். கல்தேயர் கடவுளின் திட்டத்தை நிறைவேற்றத் தங்கள் கத்தியை உருவவில்லை, ஒட்டகங்களுக்காகவே உருவினார்கள். ஆகவே திட்டம் நிறைவேறியது என்பது அவர்களுடைய கொள்ளையை நியாயப்படுத்தாது. கால்வினிய வாதத்தின் மிக வலுவான இடம் இதுதான் எனலாம்.

இஸ்லாத்தில் கேள்வி எழுந்த இடமே வேறு. அங்கே ஆதாமின் பாவம் பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஆகவே கெட்டுப்போன இயல்பு என்ற தொடக்கப்புள்ளி கிடையாது. அல்லாஹ் எல்லாப் பொருளையும் படைத்தவன் என்றால் மனிதச் செயலையும் அவனே படைக்கிறானா என்பதே கேள்வி. ஜப்ரிய்யா என்று பெயர் பெற்றவர்கள், மனிதனுக்கு உண்மையில் செயல் என்று எதுவுமே இல்லை என்றார்கள். முஃதஸிலாக்கள் மறுமுனைக்குப் போனார்கள். இறைவன் நீதியாளன், தான் படைத்த செயலுக்காக மனிதனை அவன் தண்டிக்க மாட்டான், எனவே மனிதனே தன் செயலைப் படைக்கிறான் என்பது அவர்கள் வாதம். நாற்பது வயதுவரை முஃதஸிலாவாக இருந்ததாகச் சொல்லப்படும் அஷ்அரி, இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி தேடினார்.

அவர் கண்ட வழியின் பெயர் கஸ்பு, அதாவது ஈட்டுதல். காய்ச்சலில் உடல் நடுங்குவதும் வேண்டுமென்றே நடந்து போவதும் ஒன்றல்ல என்பதை ஒவ்வொருவரும் தமக்குள் உணர்கிறார்கள். இரண்டு அசைவையும் படைப்பவன் இறைவனே. ஆனால் இரண்டாவதில், செயல் நிகழும் கணத்தில் மனிதனுக்குள் அதற்கான ஆற்றல் ஒன்றையும் அவன் படைக்கிறான். அந்த ஆற்றலோடு சேர்ந்து நிகழ்வதால் அச்செயலை மனிதன் தனதாக ஈட்டிக்கொள்கிறான். அதற்குத்தான் அவன் கணக்குக் கொடுக்க வேண்டும், நடுக்கத்துக்கு அல்ல.

படைக்கப்பட்ட அந்த ஆற்றல் செயலில் எந்த விளைவையும் உண்டாக்குவதில்லை என்றால், அதற்கும் நடுக்கத்துக்கும் என்ன வேறுபாடு மிஞ்சுகிறது? எதிரிகள் விடாமல் கேட்ட கேள்வி இது. நுட்பமாகப் பிடிபடாத எதையும் அஷ்அரியின் கஸ்புக்கு ஒப்பிடும் வழக்கே அரபியில் உருவானது. அஷ்அரி மரபின் பேரறிஞர் ஜுவைனி கூடத் தம் பிற்கால நூலில், மனித ஆற்றலுக்கு உண்மையான விளைவு உண்டு என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

நடைமுறையில் இரு மரபுகளும் வியக்கத்தக்க அளவு நெருங்கி வருகின்றன. கி.பி. 639 வாக்கில் கலீஃபா உமர் சிரியாவுக்குச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாக ஸர்க் என்ற இடத்தில் செய்தி கிடைத்தது. பலரையும் கலந்து பேசித் திரும்பிவிட முடிவு செய்தார். இறைவிதியிலிருந்து தப்பியோடுவதா என்று தளபதி அபூ உபைதா கேட்டார். ஒரு விதியை விட்டு இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற பொருளில் உமர் பதில் சொன்னார். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி. ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது விதிப்படிதான் என்று விளக்கவும் செய்தார். கால்வினும் இதையே வேறு சொற்களில் எழுதியிருக்கிறார். வாழ்நாளுக்கு எல்லை குறித்த கடவுளே அதைக் காக்கும் வழிகளையும் முன்யோசனையையும் தந்திருக்கிறார். எனவே ஆபத்தைக் கண்டு விலகுவது அவருடைய ஏற்பாட்டில் அடங்கியதே. என்ன விதிக்கப்பட்டது என்பது மனிதனுக்குத் தெரியாது. என்ன கட்டளையிடப்பட்டது என்பது தெரியும். செய்த பிறகு விதியைச் சாக்காகக் காட்டுவதை இரு மரபுகளும் ஏற்காததற்குக் காரணம் இதுவே.

இயலாமை மன்னிப்புக்குக் காரணமாகுமா என்பதில்தான் உண்மையான விரிசல். கால்வினிய மரபில் ஆகாது. கடவுளை நாட இயலாமல் இருப்பதே மனிதனின் குற்றத்தின் ஒரு பகுதி. கடனை அடைக்க வழியில்லாதபடி செலவழித்தவன் கடனிலிருந்து விடுபடுவதில்லை. இஸ்லாமியச் சட்டமோ உறங்குபவர், சிறுவர், சித்தம் கலங்கியவர் ஆகியோரின் செயலைக் கணக்கில் எழுதுவதில்லை. சக்திக்கு மீறிய சுமை எவர்மேலும் சுமத்தப்படாது என்பது குர்ஆனின் கூற்று. அப்படிச் சுமத்துவதும் இறைவனின் உரிமைக்கு உட்பட்டதுதான் என்று கோட்பாட்டளவில் அஷ்அரிகள் வாதிட்டாலும், சட்டம் அந்தப் பாதையில் போகவில்லை.

இரு மரபுகளுக்குள்ளும் முடிச்சைத் தளர்த்தப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு ஒரேமாதிரி இல்லை. அஷ்அரியின் சமகாலத்தவரான சமர்கந்தின் மாதுரீதி, தேர்வு மனிதனுடையது, அத்தேர்வுக்கேற்பச் செயலைப் படைப்பது இறைவனுடையது என்றார். அவரது வழி அஷ்அரியின் வழிக்கு நிகராக சுன்னி மரபில் ஏற்கப்பட்டது. ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம்கள் பெரும்பாலும் அஷ்அரி கொள்கையையும், ஹனஃபிகள் மாதுரீதி கொள்கையையும் சார்ந்தவர்கள். நெதர்லாந்தின் அர்மீனியஸ், தம்மை நம்புவார்கள் என்று கடவுள் முன்னறிந்தவர்களையே அவர் தெரிந்துகொள்கிறார் என்றார். அவர் மறைந்த பின், 1618-19இல் கூடிய டார்ட் சங்கம் அவருடைய கருத்தை நிராகரித்தது. அதை விட்டுக்கொடுக்காத போதகர்கள் பதவி இழந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி அதே கருத்தைக் கையில் எடுத்த பிறகு, அது மெதடிஸ்ட் சபைகளின் போதனையாயிற்று.