ஆப்பு இறங்கினால் பள்ளம், ஏறினால் மலை

1893-ல் ஜான் வால்டர் கிரிகரி என்ற பிரிட்டிஷ் நிலவியலாளர் கென்யாவின் பெரும் பள்ளத்தாக்குக்குள் இறங்கினார். இருபுறமும் பல நூறு மீட்டர் உயரத்துக்குச் சுவர்போல் எழும் சரிவுகள், நடுவில் ஐம்பது கிலோமீட்டர் அளவுக்கு அகன்ற தரை. ஆறு அறுத்த பள்ளமாக இருந்தால் தரை ஒரே திசையில் தாழ்ந்துகொண்டே போக வேண்டும். இங்கோ நைவாஷா ஏரிக்கரையில் தரை சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெற்கே மகாடி ஏரியில் அது 600 மீட்டருக்கு இறங்குகிறது, வடக்கே துர்கானா ஏரியில் 400 மீட்டருக்கும் கீழே போகிறது. மேடேறி இறங்கும் தரையை எந்த ஆறும் அறுத்திருக்க முடியாது. இணையாக ஓடும் பிளவுகளுக்கு நடுவே நிலம் அப்படியே கீழே இறங்கிவிட்டது என்று கிரிகரி முடிவு செய்தார். பிளவுப் பள்ளத்தாக்கு என்ற பெயர் உலகெங்கும் பரவியது அவர் எழுத்துகளால்தான்.

நிலம் இறங்கியது என்பதில் பிறகு பெரிய சண்டை இல்லை. எந்த விசை இறக்கியது என்பதில்தான் சண்டை. பூமியின் மேலோட்டை இருபுறமும் இழுத்ததால் நடுப்பகுதி இறங்கியது என்றனர் ஒரு தரப்பினர். உகாண்டா நிலவியல் துறையின் இயக்குநராக இருந்த வேலண்ட் அதை மறுத்தார். இருபுறமும் நெருக்கியதால் ஓரங்கள் நடுப்பகுதியின் மேல் ஏறி, அதைக் கீழே அமுக்கிப் பிடித்திருக்கின்றன என்றார். 1936-ல் எட்வர்ட் புல்லார்டு வெளியிட்ட அளவீடுகள் வேலண்டுக்குப் பலம் சேர்த்தன. ஊசல்களைக் கொண்டு கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க ஈர்ப்பு விசையை அளந்த அவர், பள்ளத்தாக்குகளில் அது குறைவாக இருப்பதைக் கண்டார். அடியில் எடை குறைந்த பாறை இருக்கிறது, அது மேலே மிதந்து வர வேண்டும், வரவில்லை என்றால் ஏதோ அதை அமுக்கி வைத்திருக்கிறது என்பது அவர் கணக்கு.

இந்த வழக்கைத் தீர்க்கும் சாட்சி பிளவு சாய்ந்திருக்கும் கோணத்தில் இருக்கிறது. பாறை உடையும்போது, அதை மிக அதிகமாக அழுத்தும் திசைக்கு ஏறத்தாழ 30 பாகை சாய்வில் உடையும். நிலத்தை இருபுறமும் இழுக்கும்போது பக்கவாட்டு அழுத்தம் தளர்கிறது. மிகப் பெரிய அழுத்தம் மேலிருந்து வரும் பாறையின் சொந்த எடைதான். எனவே பிளவு செங்குத்துக்கு 30 பாகை, அதாவது தரைக்கு 60 பாகை என்று செங்குத்தாக அமையும். நெருக்கும்போது மிகப் பெரிய அழுத்தம் பக்கவாட்டில் வருகிறது. பிளவு தரைக்கு 30 பாகையில் படுத்துவிடும். ஸ்காட்லாந்தின் நிலவியலாளர் ஆண்டர்சன் 1905-லேயே வகுத்த விதி இது.

இப்போது இரண்டு 60 பாகைப் பிளவுகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். நடுவில் சிக்கிய பாறை மேலே அகன்று, கீழே குறுகி, மரத்தில் அறைந்த ஆப்பின் வடிவில் இருக்கும். மரத்தின் இரு பாதிகளையும் விலக்கினால் ஆப்பு கீழே இறங்கும். இரு சுவர்களும் எவ்வளவு விலகினால் எவ்வளவு இறங்கும் என்று கணக்கிடவும் முடியும். 60 பாகைச் சரிவில் 1,000 மீட்டர் இறங்க, ஒரு பக்கத்தில் 577 மீட்டர் விலக வேண்டும். இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 1,150 மீட்டர். மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு நிலம் இறங்கியிருக்கிறது என்றால், அங்கே கண்டம் சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீண்டிருக்கிறது என்று பொருள்.

வேலண்ட் சொன்னபடி இருந்தால் சுவர்கள் பள்ளத்தின் மேல் கவிந்து நிற்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவில் அப்படி இல்லை. சரிவுகள் பள்ளத்தை நோக்கியே சாய்கின்றன. ஆழ்துளையும் இதைச் சொல்லிவிடும். இழுவிசைப் பிளவைக் குறுக்கே துளைத்துப் போனால் இடையில் ஏதாவது ஓர் அடுக்கு காணாமல் போயிருக்கும். அமுக்க விசைப் பிளவு என்றால் ஒரே அடுக்கு இரண்டு முறை எதிர்ப்படும். இன்று அங்கு ஏற்படும் நிலநடுக்கங்களின் அலைகளும் பெரும்பாலும் இழுவிசையையே காட்டுகின்றன. புல்லார்டின் அளவீட்டில் பிழை இல்லை, அதற்குத் தந்த விளக்கம்தான் பிழை. இறங்கிய பள்ளத்தில் கிலோமீட்டர் கணக்கில் நிரம்பிய வண்டலும், மெலிந்த மேலோட்டின் அடியில் சூடேறிய பாறையும் எடை குறைந்தவை. ஈர்ப்பு குறைந்தது அவற்றால்.

2005 செப்டம்பரில் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் இழுவிசை கண்முன்னே வேலை செய்தது. சில வாரங்களுக்குள் சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்தது. அடியில் பாறைக்குழம்பு புகுந்து, சில இடங்களில் 8 மீட்டர் வரை விரித்தது.

இழுவிசை பள்ளத்தை மட்டும் உண்டாக்குவதில்லை. உகாண்டா–காங்கோ எல்லையில் ருவென்சோரி மலை 5,109 மீட்டர் உயரம் நிற்கிறது. கிளிமஞ்சாரோவைப்போல் எரிமலை அல்ல. மிகப் பழைய பாறை. இருபுறமும் நிலம் பிளந்து இறங்க, நடுவில் நின்றுபோன பிண்ட மலை இது. நின்றது மட்டுமல்ல, மேலும் எழுந்தது. பக்கத்து நிலம் பிளவில் நழுவி விலகும்போது, அந்தச் சுமை நீங்கிய பாறை மேலெழும். ருவென்சோரி ஏறத்தாழ எல்லாப் பக்கமும் பிளவுகளால் துண்டிக்கப்பட்டிருப்பதால் அதைப் பிடித்து நிறுத்தப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அமுக்க விசை எழுப்பிய பிண்டத்தைப் பார்க்க மேகாலயாவுக்குப் போகலாம். ஷில்லாங் பீடபூமியின் தென் ஓரத்தில் டவுக்கி பிளவு வடக்கு நோக்கிச் சாய்கிறது. வட ஓரத்தின் பிளவு தெற்கு நோக்கிச் சாய்கிறது. நடுவில் அதே ஆப்பு. இங்கே மரம் விரியவில்லை, நெருங்குகிறது. ஆப்பு மேலே பிதுங்குகிறது. 1897 ஜூன் 12 அன்று அது பெரும் நிலநடுக்கமாக வெடித்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஓல்டாம், கற்கள் தரையிலிருந்து மேலே தூக்கியெறியப்பட்டதைப் பதிவு செய்தார். வட ஓரத்தில் தரைக்கடியில் மறைந்திருந்த பிளவு அப்போது 10 மீட்டருக்கும் அதிகமாக நழுவியிருக்கிறது என்று பழைய நில அளவைக் குறிப்புகளை வைத்து 2001-ல் பில்ஹாமும் இங்கிலாந்தும் கணக்கிட்டனர். அந்தப் பிளவுக்கு ஓல்டாமின் பெயரையே வைத்தனர்.

நர்மதையின் கதை இன்னும் சுவையானது. விந்திய, சாத்பூரா மலைகளுக்கு நடுவே ஓடும் அந்தப் பள்ளத்தாக்கு இழுவிசையால் இறங்கியது என்று பள்ளியில் படிக்கிறோம். பிறந்த கதை அதுதான். ஆனால் இந்தியா வடக்கே ஆசியாவை முட்டத் தொடங்கிய பிறகு விசை மாறிவிட்டது. பாறை புதிதாக 30 பாகையில் உடைவதைவிட, ஏற்கெனவே உடைந்து வலுவிழந்த செங்குத்தான பழைய பிளவில் நழுவுவது எளிது. அன்று நிலம் இறங்கிய அதே வழியில் இன்று அது ஏறப் பார்க்கிறது. 1997 மே 22 அன்று ஜபல்பூரை உலுக்கிய, 5.8 அளவிலான நிலநடுக்கம் சுமார் 35 கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்தது. அதன் அலைகள் காட்டியது நெருக்கத்தால் ஏற்பட்ட நழுவலை. பிளவுப் பள்ளத்தாக்கு என்ற பெயரை மட்டும் பார்த்து அங்கே இன்னும் நிலம் விரிகிறது என்று எண்ணிவிடக் கூடாது. நர்மதைப் பள்ளத்தாக்கில் இன்று வேலை செய்வது அமுக்க விசைதான்.