ரீஃபண்ட் நிலுவை: ஒப்புகை எண்ணுடன் விசாரிப்பது எப்படி?

வருமான வரி ரீஃபண்ட் குறித்து விசாரிப்பவர்கள், ஒப்புகைச் சீட்டிலுள்ள 15 இலக்க எண்ணைக் குறிப்பிடுவது அவசியம். திருத்தப்பட்ட படிவம் தாக்கல் செய்தவரிடம் ஒரே மதிப்பீட்டு ஆண்டுக்கு இரு எண்கள் இருக்கும். அவர் பிந்தைய எண்ணையே தர வேண்டும்.

எழுதும் முன் மின்-தாக்கல் இணையதளத்தில் நிலையைப் பார்ப்பது நல்லது. உதாரணமாக, வங்கி இணைப்பால் ஒருவரது ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறியிருந்தால், பணம் வங்கிக் கணக்கில் சேராமல் 'Refund Failed' எனத் தெரியலாம். புகார் மட்டும் அளித்தால் பணம் வந்துவிடாது. வங்கிக் கணக்கைப் புதிய குறியீட்டுடன் சரிபார்த்த பின், 'Services' பகுதியில் 'Refund Reissue' கோரிக்கையை அதே ஒப்புகை எண்ணுக்கு அனுப்ப வேண்டும்.

மின்-சரிபார்ப்பு முடித்தும் படிவம் நெடுநாள் பரிசீலனையிலேயே இருந்தால், 'Grievances' பகுதி வழியாக பெங்களூரு மத்திய செயலாக்க மையத்திடம், பான், மதிப்பீட்டு ஆண்டு, ஒப்புகை எண் ஆகியவற்றுடன் கேட்கலாம்.