செகண்ட்மென்ட் ஒப்பந்தத்தை ஒரு பக்கத்தில் சுருக்குவது எப்படி

சென்னையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரை அவர் கம்பெனி ஒரு வருஷத்துக்கு ஜெர்மனியில் இருக்கும் அதன் துணை நிறுவனத்துக்கு அனுப்புகிறது. செப்டம்பர் 1-ல் போய், அடுத்த ஆகஸ்ட் 31-ல் திரும்ப வேண்டும். ஒப்பந்தம் பதினெட்டுப் பக்கம். அதை ஒரு பக்கமாகச் சுருக்கிக் கொடுக்கச் சொன்னார். வரி, சட்டம், திரும்பி வருவது என்று மூன்று தலைப்பில் ஆரம்பித்தேன். ஆனால் முதல் தலைப்பும் மூன்றாவதும் தனித்தனியாக நிற்கவே இல்லை.

முதலில் வரி. "183 நாளுக்குள்ள இருந்தா அங்க வரி இல்ல"ன்னு ஆபீஸில் எல்லாரும் சொல்வார்கள். இந்தியா - ஜெர்மனி இரட்டை வரி ஒப்பந்தத்தில் அந்த 183 நாள் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது மூன்று நிபந்தனைகளில் ஒன்றுதான். சம்பளத்தை ஜெர்மன் நிறுவனமோ அதற்கான கிளையோ சுமக்கக் கூடாது என்பதும் கூடவே உண்டு. நண்பரின் ஒப்பந்தத்தில் ஒன்பதாம் பக்கத்தில், சம்பளச் செலவை ஜெர்மன் நிறுவனம் சென்னைக்குத் திருப்பித் தரும் என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. அவர் வேலை பார்ப்பதும் அந்த நிறுவனத்தின் மேற்பார்வையில்தான். ஆகவே முதல் நாளிலிருந்தே அங்கே வரி உண்டு என்று எடுத்துக்கொள்வதே சரி. சுருக்கத்தில் நாள் கணக்குக்கு முன்னால் வரவேண்டியது இந்த வரி.

இந்தியப் பக்கம் நாள் கணக்குதான் எல்லாம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியர், போகும் வருஷத்தில் இங்கே 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால்தான் வரிக் கணக்கில் 'குடியிருப்பவர்'. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் முடிய 153 நாள். அதனால் முதல் நிதியாண்டில் அவர் குடியிருப்பவர் அல்ல. அக்டோபர் 1-ல் கிளம்பியிருந்தால் 183 நாள் ஆகியிருக்கும், ஜெர்மன் சம்பளத்தையும் இந்தியாவில் காட்ட வேண்டியிருக்கும். ஒரே ஒரு மாத வித்தியாசம்! (குடியிருப்பவர் இல்லை என்றாலும், சம்பளம் நேராக இந்திய வங்கிக் கணக்கில் விழுந்தால் அது தனித் தகராறு. எந்தக் கணக்கில் வருகிறது என்பதையும் குறித்து வைத்தேன்.)

இரண்டாவது நிதியாண்டில் செப்டம்பர் முதல் மார்ச் வரை 212 நாள் இங்கே இருப்பார். அதனால் ஏப்ரல் - ஆகஸ்ட் ஜெர்மன் சம்பளத்தை இந்தியாவிலும் காட்டி, அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

பி.எஃப். எளிது. இரு நாட்டுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருப்பதால், இ.பி.எஃப்.ஓ. தரும் சான்றிதழ் இருந்தால் 48 மாதம் வரை அங்கே ஓய்வூதியப் பிடித்தம் தேவையில்லை. அதைப் போகும் முன்பே வாங்கச் சொல்லுங்கள்.

எந்த நாட்டுச் சட்டம்? "இந்தியச் சட்டம், சென்னை நீதிமன்றம் மட்டும்" என்று போட்டிருக்கிறார்கள். தற்காலிகமாகப் போவதால் அது பெரும்பாலும் செல்லும். ஆனால் ஜெர்மனியின் குறைந்தபட்சச் சம்பளம், வேலை நேரம், குறைந்தபட்ச விடுமுறை போன்றவை, வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய ஆளுக்கும் பொருந்தும். அவற்றுக்காக அங்கேயே தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகவும் வழி உண்டு. ஒப்பந்தத்தில் எழுதியதால் அந்த உரிமை போய்விடாது.

இப்போது திரும்பி வருவது. "தேவைப்பட்டால் 30 நாள் நோட்டீஸில் திரும்ப அழைக்கலாம்" என்கிறது ஒப்பந்தம். சரி, ப்ராஜெக்ட் நின்று ஜனவரி கடைசியில் அழைத்தால்? பிப்ரவரி, மார்ச் சேர்த்து இன்னும் 59 நாள். 153 + 59 = 212. முதல் நிதியாண்டிலேயே அவர் குடியிருப்பவர் ஆகிவிடுகிறார், ஐந்து மாத ஜெர்மன் சம்பளமும் இந்தியக் கணக்குக்குள் வந்துவிடுகிறது. அங்கே கட்டிய வரியைக் கழிக்கலாம்தான், ஆனால் ஜெர்மன் வரிக் கணக்கு முடிவாவதற்குள் இங்கே தாக்கல் செய்யும் நாள் வந்துவிடலாம். முடிவு கம்பெனியுடையது, வேலையும் செலவும் ஊழியருடையது. 'வரிச் சமன்பாடு' என்ற பிரிவில், ஊரில் இருந்திருந்தால் எவ்வளவு வரியோ அதைத்தான் ஊழியர் தருவார், மிச்சம் கம்பெனி என்று இருக்கிறது. ஆனால் அது "முழு ஒப்பந்தக் காலத்துக்கு" என்று முடிகிறது. பாதியில் அழைத்தாலும், திரும்பிய பிறகு வரும் வரி நோட்டீஸ்களுக்கும் இது பொருந்தும் என்று ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னேன்.

அடுத்தது பாண்ட். திரும்பியதும் 12 மாதம் இருக்கவேண்டும், இல்லையென்றால் 6 லட்சம். எட்டு மாதம் இருந்துவிட்டுப் போனாலும் அதே 6 லட்சம். மாதாமாதம் குறையும்படி கேட்டால் 2 லட்சம்தான் மிஞ்சும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான், நியாயமான இழப்பீடே கிடைக்கும். இருந்தாலும் அதை நீதிமன்றத்தில் நின்று வாதாடுவதைவிட இப்போதே மெயிலில் கேட்பது மேல். கம்பெனியே வேலையை விட்டு அனுப்பினால் பாண்ட் கிடையாது என்பதும் எழுத்தில் வேண்டும்.

கடைசியாக, திரும்பி வந்தால் "பொருத்தமான பதவி" என்கிறார்கள். பொருத்தத்தை யார் முடிவு செய்வது? அதே கிரேடு, ஊரில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் சம்பள உயர்வோடு, என்று மாற்றிக் கேட்டிருக்கிறார். ஹெச்.ஆர். பதில் இன்னும் வரவில்லை.