ரயிலுக்குக் கட்டும் புளியோதரை

சென்னை சென்ட்ரலில் இரவு 10 மணி வாக்கில் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மூன்றாம் நாள் காலையில்தான் டெல்லி போய்ச் சேரும். இடையில் இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் ரயிலில்தான். கட்டுச்சாதம் கட்டும்போது எது எத்தனை மணிக்கு வயிற்றுக்குள் போகும் என்று முதலில் கணக்குப் போட வேண்டும். பழக்கப்பட்ட வீடுகளில் ரயில் ஏறிய இரவுக்குத் தயிர்சாதம், மறுநாள் காலைக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, மதியத்துக்குப் புளியோதரை என்று வைத்துக்கொள்வார்கள். சீக்கிரம் கெடுவது முதலில், தாங்குவது கடைசியில். அதிக நேரம் காத்திருக்கும் புளியோதரைக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும்.

அரிசியில் இயல்பாகவே பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். உலை கொதித்தாலும் அவை சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகின்றன. சோற்றை மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வந்துவிடும். புளிப்பு இந்தப் பெருக்கத்தை அடக்கும். அதனால்தான் வெறும் சோறு தாங்காத நேரத்தைப் புளியோதரை தாங்குகிறது. ஆனால் புளிப்பு ஒவ்வொரு பருக்கையிலும் சேர்ந்திருக்க வேண்டும். வெள்ளைத் திட்டாக நிற்கும் சோறு வெறும் சோறுதான்.

நாலு பேருக்கு அரைக் கிலோ அரிசி போதும். புளிக்காய்ச்சலை முதல்நாளே செய்துவிடலாம். பெரிய எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை புளியைக் கெட்டியாகக் கரைத்து, தாராளமாக நல்லெண்ணெய் விட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதிக்க விடுங்கள். அதற்கு முன்பே இறக்கினால் உள்ளே தண்ணீர் நின்றுவிடும். தேங்காயும் வெங்காயமும் இதில் வேண்டாம்.

எட்டரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவதென்றால், சாதம் ஐந்தரைக்கு வெந்து இறங்க வேண்டும். வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் வைத்து உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளங்களில் மெல்லிசாகப் பரப்பி, மேலே நல்லெண்ணெய் தெளித்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். குக்கரிலேயே விட்டால் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கும். பரப்பினால் முக்கால் மணி நேரத்துக்குள் ஆறிவிடும். ஆறரைக்குக் காய்ச்சலைச் சேர்த்து, ஈரமில்லாத மரக்கரண்டியால் கிளறுங்கள். கையால் பிசைந்தால்தான் ருசி என்பார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. விரலில் ஒரு சின்ன வெட்டுக்காயம் இருந்தாலும் அதிலுள்ள கிருமி சோற்றில் ஏறிவிடும். அரை மணி ஊறியபின் நாக்கில் வைத்துப் பார்த்தால் வழக்கத்தைவிடப் புளிப்பும் உப்பும் ஒரு படி தூக்கலாக இருக்க வேண்டும். மறுநாள் அது சரியாகிவிடும்.

பொட்டலம் கட்டுவது ஏழேகாலுக்கு. தாம்பாளத்தின் அடியில் புறங்கையை வைத்தால் சூடே தெரியக் கூடாது. சூட்டோடு மூடினால் மூடியின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். சொட்டு விழுந்த இடத்தில் புளிப்பு நீர்த்துப்போய், முதலில் அந்த மேல்பரப்புதான் கெடும். வாழை இலையைத் தணலில் வாட்டி, ஈரம் போகத் துடைத்து, ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனிப் பொட்டலம் போடுங்கள். ஒரே டப்பாவில் நாலு கை மாறி மாறிப் போகாது. பஸ்ஸில் கை கழுவ வசதி குறைவு என்பதால் அங்கே இது இன்னும் அவசியம். அலுமினியத் தாளில் நேரே வைத்தால் புளி அதை அரிக்கும். இடையில் இலை வேண்டும். செய்தித்தாளின் மை உணவில் ஒட்டும். அதில் உணவைப் பொதியக் கூடாது என்பது நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியும்கூட.

தயிர்சாதத்தை வீட்டிலேயே முழுத்தயிரில் பிசைந்தால் ரயில் ஏறுவதற்குள் புளித்துவிடும். காய்ச்சி ஆறிய பாலில் குழைத்து, ஒரு கரண்டி தயிர் விட்டால் இரவுச் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும். காலைவரை வைக்க வேண்டாம்.

ஏசி பெட்டியில் போகிறவர்களுக்குக் கவலை குறைவு. ஸ்லீப்பரில் மே மாதம் போகிறவர்கள், மதியத்தில் நாக்பூர் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதை நினைவில் வைத்து, பதினோரு மணிக்கே பொட்டலத்தைப் பிரித்துவிடுவது நல்லது. பிசுபிசுப்பு, நூல் போன்ற இழை, புளியைத் தாண்டிய வேறொரு வாடை எது இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். ஆனால் முன்னே சொன்ன நஞ்சுக்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லை. ஆகவே முகர்ந்து பார்த்ததை மட்டும் நம்பாமல் கடிகாரத்தைப் பாருங்கள். மதியம் மிஞ்சியதை இரவுக்கு எடுத்துவைக்காதீர்கள். அன்றிரவுக்கு வாழைப்பழமோ, எதிரே சுடச்சுடப் போட்டுத் தருகிற ரொட்டியோ போதும்.