பின்னங்காலுக்கும் முன்னங்காலுக்கும் நடுவே

1973-ல் வெஸ்ட் இண்டீஸ் பயணத்தில் டென்னிஸ் லில்லியின் முதுகெலும்பில் விரிசல்கள் விழுந்தன. மீண்டும் டெஸ்ட் போட்டியில் பந்து வீச அவருக்கு 1974-ன் கடைசி வரை ஆயிற்று. அதே லில்லிதான் 1987-ல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷனில் பல ஆண்டுகள் வேகப்பந்து வீச்சாளர்களுக்குப் பயிற்சி தந்தார். இன்றும் வளரும் வயதில் வேகமாக வீசும் பிள்ளைகளை அதிகம் அச்சுறுத்துவது இந்த அடிமுதுகு விரிசல்தான். அளவுக்கு மீறி வீசுவது முக்கியக் காரணம். மற்றொன்று, 'மிக்ஸ்டு ஆக்‌ஷன்' எனப்படும் கலப்பு முறை. அதைக் கையிலிருக்கும் செல்போனிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம்.

பின்னங்கால் தரையிறங்கும்போது உடல் பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில் நின்றால் சைடு-ஆன். நெஞ்சு பேட்ஸ்மேனைப் பார்த்தால் ஃப்ரண்ட்-ஆன். லில்லி முதல் வகை, மால்கம் மார்ஷல் இரண்டாம் வகை. இரண்டிலும் குற்றமில்லை. இடுப்பு ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் பார்ப்பதுதான் வம்பு. ஃப்ரண்ட்-ஆனாக இறங்கும் பையன், இடுப்பை அப்படியே வைத்துக்கொண்டு தோளை மட்டும் பின்னோக்கித் திருப்பி, அடுத்த கணமே முன்னுக்கு வீசி எறிகிறான். அந்த முறுக்கு முழுவதையும் அடிமுதுகு தாங்குகிறது.

வெறும் கண்ணுக்கு இது சிக்காது. முன்னங்கால் ஊன்றியதிலிருந்து பந்து கையை விட்டுப் போகும் வரை சுமார் பத்தில் ஒரு விநாடிதான். விநாடிக்கு 30 படங்கள் எடுக்கும் சாதாரண வீடியோவில் அதற்கு மூன்றே படங்கள் கிடைக்கும். 240 எடுக்கும் ஸ்லோ மோஷனில் இருபத்து நான்கு.

ஆனால் எல்லா ஸ்லோ மோஷனும் உண்மையானதல்ல. சில போன்கள் குறைந்த படங்களை எடுத்துவிட்டு, இடைப்பட்டவற்றைத் தாமே கற்பனை செய்து நிரப்புகின்றன. ஒவ்வொரு படமாக நகர்த்தும்போது கை ஓரிடத்தில் கரைந்து அடுத்த இடத்தில் முளைத்தால் அந்த வீடியோவை நம்ப வேண்டாம். வெளிச்சமும் முக்கியம்: டியூப்லைட்டின் கீழ் படம் மினுக்கும், கை மங்கும். காலை வெயிலே நல்லது. பயிற்சியாளருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் தெளிவு குறையாது.

போனை எங்கே வைப்பது? பலரும் பக்கவாட்டில் நின்று எடுக்கிறார்கள். முன்னங்கால் முட்டி மடங்குகிறதா என்று பார்க்க அது போதும். தோள் திரும்புவதைக் காட்டுவது பின்பக்கக் கோணம். ரன்-அப் தொடங்கும் இடத்துக்கும் பின்னால், ஸ்டம்புக்கு நேர்கோட்டில், இடுப்பு உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஜூம் செய்து எடுக்க வேண்டும். கையில் பிடித்தால் ஆடும்.

பதினான்கு வயது வலக்கை வீச்சாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பின்னங்கால் பதியும் படத்தில் வீடியோவை நிறுத்தினால், பாதம் பேட்ஸ்மேனை நோக்கியிருக்கிறது. இரு தோள்களும் அகலமாகத் தெரிகின்றன. ஃப்ரண்ட்-ஆன்தான். திரையில் தோள் அகலத்தை அளந்தால் 3 செ.மீ. முன்னங்கால் பதிவதற்குள் அது 2 செ.மீ.யாகச் சுருங்குகிறது. பேண்டின் இடுப்புப் பட்டையோ அதே அகலத்தில் நிற்கிறது. கலப்பு முறை இதுதான். கவனிக்க வேண்டியது, தோள் 30 பாகை திரும்பினாலும் அந்த 3 செ.மீ. 2.6 ஆகத்தான் குறையும். ஆகவே சுருக்கம் கண்ணில் பளிச்சென்று பட்டால் திருப்பம் ஏற்கெனவே பெரிது. துல்லியமான பாகையை இதிலிருந்து சொல்ல முடியாது; சந்தேகத்தை எழுப்ப இது போதும்.

பெரும்பாலும் முன்கை உடலுக்குக் குறுக்கே அதிகம் போவதுதான் தோளை இழுத்துச் செல்கிறது. அதை நேராகப் பேட்ஸ்மேனை நோக்கித் தூக்கப் பழக்கலாம். அல்லது பின்னங்காலைச் சற்றுத் திருப்பி இறக்கி இடுப்பையும் தோளோடு சேர்க்கலாம். எது அந்தப் பையனுக்குப் பொருந்தும் என்பதைப் பயிற்சியாளர் முடிவுசெய்யட்டும். முதலில் நின்ற இடத்திலிருந்தும், பிறகு நடந்து வந்தும் மெதுவாக வீசிப் பழகி, போட்டிகள் இல்லாத மாதங்களில் மாற்றுவதே சரி.

இதே வீடியோவை வைத்து 'கை மடங்குகிறது, எறிகிறான்' என்று தீர்ப்பெழுதுவது மட்டும் அநியாயம். முத்தையா முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. ஒரே கேமராவில் சுழலும் கை மடங்கி நிமிர்வதுபோலத் தெரியும். ஐ.சி.சி. அனுமதிக்கும் 15 பாகை நிமிர்வைப் பல கேமராக்கள் கொண்ட ஆய்வுக்கூடத்தில்தான் அளக்கிறார்கள்.

இன்னொன்று. முதல் ஓவரை மட்டும் படம்பிடித்துத் திருப்திப்படக் கூடாது. களைத்த பிறகுதான் தோள் அதிகம் திரும்பும். ஸ்பெல்லின் கடைசி ஓவரையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும். பின்னால் வளையும்போது அடிமுதுகின் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் (வலக்கைக்காரருக்கு அது பெரும்பாலும் இடப்பக்கம்), வீடியோவை மூடிவிட்டுப் பந்துவீச்சை நிறுத்தி, விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தொடக்க நிலை விரிசல் சாதாரண எக்ஸ்-ரேயில் தெரியாமல் போவதுண்டு, எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.