வெளிச்சம் இருக்கிறது, லிங்க் இல்லை

கீழ்த்தளத்தில் ஒரு ஸ்விட்ச், மேல்மாடியில் இன்னொன்று. இடையே ஃபைபர் இழுத்தாயிற்று. கேபிள் எங்கும் முறியவில்லை, மாட்யூல்களும் புதியவை. ஆனாலும் போர்ட்டில் பச்சை விளக்கு எரியவில்லை. அனுபவமுள்ள டெக்னீஷியன் முதலில் கேட்பது இதைத்தான்: "டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மாறியிருக்கா பாருப்பா!"

இத்தகைய இணைப்பில் இழைகள் இரண்டு. ஒன்று போக, ஒன்று வர. மாட்யூலின் ஒரு துளையில் ஒளியை அனுப்பும் லேசர், மறு துளையில் ஒளியை வாங்கும் டிடெக்டர். பழைய தொலைபேசியில் இவர் வாய் அவர் காதுக்கும், அவர் வாய் இவர் காதுக்கும் போவதுபோல, இங்குள்ள லேசர் அங்குள்ள டிடெக்டரைச் சேர வேண்டும். செம்புக் கேபிளில் ஜோடிகள் மாறினால் இன்றைய ஸ்விட்ச்சுகள் தாமே சரிசெய்துகொள்ளும். ஃபைபரில் அது நடக்காது. லேசர் டிடெக்டராக மாற முடியாதே.

வழக்கமான பேட்ச் கார்டில் ஒரு முனையில் A என்ற இழை மறுமுனையில் B ஆகிவிடும். அதாவது, ஒவ்வொரு கார்டும் இழைகளை ஒருமுறை இடம் மாற்றுகிறது. வழிநெடுக இந்த மாற்றங்களின் மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால்தான் லிங்க் வரும். நம் கட்டடத்தில் தளத்துக்கு ஒன்றாக இரண்டு கார்டுகள். நடுவே சுவர்வழிப் போகும் கேபிளும் ஒருமுறை மாற்றினால் மொத்தம் மூன்று, லிங்க் வந்துவிடும். அந்தக் கேபிளை இரு பேனல்களிலும் நேருக்கு நேராக முடித்திருந்தால் மாற்றங்கள் இரண்டுதான். ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும். லேசர் லேசரைப் பார்த்து நிற்கும்.

ஸ்விட்ச்சில் பார்த்தால், இரு பக்கமும் அனுப்பும் ஒளியின் அளவு சரியாக இருக்கும். வாங்கும் அளவு மட்டும் −40 டிபிஎம் அளவில் கிடக்கும். ஒளியே வரவில்லை என்று அர்த்தம். ஆனால் இரண்டு இழைகளும் அறுந்திருந்தாலும் இதே எண்தான் வரும். பிரித்தறிய, ஒரு பக்கத்து கார்டை ஸ்விட்ச்சிலிருந்து கழற்றி, இரு முனைகளையும் பவர் மீட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். டிஎக்ஸ் துளையில் செருகியிருந்த முனையில் ஒளி வந்தால் இழைகள் மாறியிருக்கின்றன. இரண்டிலும் வரவில்லை என்றால் அறுந்திருக்கலாம், அல்லது எதிர்முனை மாட்யூல் ஒளியே அனுப்பாமல் இருக்கலாம். கண்ணால் மட்டும் பார்க்கக் கூடாது. 1310 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையைப் பாதிக்கலாம்.

சரிசெய்வது ஒரு நிமிட வேலை. எல்.சி. கனெக்டர்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றி, அவற்றை இடம் மாற்றிச் செருகினால் போதும். அதை ஒரே ஒரு முனையில்தான் செய்ய வேண்டும். அவசரத்தில் மேல்மாடிக்காரரும் கீழ்த்தளத்துக்காரரும் ஆளுக்கொரு பக்கம் மாற்றினால், லிங்க் பழையபடி செத்தே கிடக்கும். யார் மாற்றுவது என்று போனில் பேசி முடிவு செய்துகொண்டு கை வையுங்கள்.