பழைய எஞ்சினை எப்போது மாற்றுவது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மேடிசன் நகரில், நகரப் பேருந்துகளின் பராமரிப்புக்குப் பொறுப்பாக ஹரால்ட் ஸர்ச்சர் என்பவர் இருந்தார். ஒவ்வொரு பேருந்தைப் பற்றியும் அவர் முன் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி வந்து நிற்கும். இந்த எஞ்சினை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா, இல்லை கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிவிடலாமா? மாற்றினால் இன்றே பெரும் செலவு. மாற்றாவிட்டால் செலவு இன்று மிச்சம், ஆனால் பழுது கூடிக்கொண்டே போகும். வண்டி நடுவழியில் நின்றுவிடவும் கூடும். அவருடைய பணிமனைப் பதிவேடுகளை ஜான் ரஸ்ட் என்ற பொருளாதார அறிஞர் கையிலெடுத்து, 1987இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஸர்ச்சரின் பெயர் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது.

ஒரு முடிவு அடுத்த முடிவின் களத்தையே மாற்றிவிடும் கணக்கு இது. இப்படிப்பட்டவற்றை எழுதிப் பார்க்க ஒரு முறை உண்டு. முதலில், இன்று நாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் குறிக்கும் ‘நிலை’. ஸர்ச்சரின் வண்டிக்கு, கடைசியாக எஞ்சின் மாற்றிய பிறகு ஓடிய மைல்தான் நிலை. அடுத்து, அந்த நிலையில் நம் கையில் உள்ள ‘செயல்’. இங்கே இரண்டே செயல்கள்: ஓட்டு, மாற்று. ஒரு செயலைச் செய்தால் இன்று ஆகும் செலவு ஒன்று; நாளை எந்த நிலைக்குப் போவோம் என்ற வாய்ப்பு இன்னொன்று. இவ்வளவுதான் சரக்கு.

ரஸ்ட் மைல்களை 5,000 மைலுக்கு ஒரு படியாக 90 படிகளாகப் பிரித்தார். நாம் மூன்றே நிலைகளை வைத்துக்கொண்டு கையால் போட்டுப் பார்ப்போம். தொகைகள் நான் வைத்துக்கொண்டவை. புது எஞ்சினுக்கு ஆண்டுப் பராமரிப்பு 10,000 ரூபாய். தேய்ந்ததற்கு 30,000. ஓய்ந்துபோனதற்கு 60,000. மாற்ற 1,00,000 ரூபாய். மாற்றிய வண்டி அந்த ஆண்டே புது எஞ்சின் வண்டியாக ஓடும். ஓர் ஆண்டு ஓடியபின் புதியது தேய்வதற்குப் பாதி வாய்ப்பு, அப்படியே இருப்பதற்குப் பாதி வாய்ப்பு. தேய்ந்தது ஓய்வதற்கும் அதே பாதி. ஓய்ந்தது தானாக மீளாது. அடுத்த ஆண்டு செலவாகும் ஒரு ரூபாயை இன்றைய 90 பைசாவாக மதிப்போம்.

எஞ்சின் ஓய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரே ஆண்டுதான் வண்டி ஓடப்போகிறது என்றால் பேச்சே இல்லை: ஓட்டினால் 60,000, மாற்றினால் 1,10,000. ஓட்டிவிட வேண்டியதுதான். இரண்டு ஆண்டுகள் ஓட வேண்டும் என்றால்? ஓட்டுவதற்கு 60,000, அதோடு அடுத்த ஆண்டின் 60,000க்கு 54,000, ஆக 1,14,000. மாற்றினால் இந்த ஆண்டு 1,10,000. அடுத்த ஆண்டு பாதி வாய்ப்பில் 10,000, பாதி வாய்ப்பில் 30,000. சராசரி 20,000, அதன் இன்றைய மதிப்பு 18,000. மொத்தம் 1,28,000. இப்போதும் ஓட்டுவதே மலிவு. மூன்று ஆண்டுக்குப் போட்டால்தான் தராசு சாய்கிறது: ஓட்டினால் 1,62,600, மாற்றினால் 1,54,325. அதே எஞ்சின், அதே விலை. எவ்வளவு தூரம் பார்க்கிறோம் என்பது மட்டும் மாறியது, முடிவு தலைகீழாகிவிட்டது.

இந்தக் கணக்கில் நடந்ததைக் கவனியுங்கள். மூன்று ஆண்டுக் கணக்கைப் போட, எல்லா வழிகளையும் கிளை கிளையாக விரிக்கவில்லை. இரண்டு ஆண்டுக் கணக்கின் விடைகளை எடுத்து, அவற்றின் மேல் ஓர் ஆண்டை மட்டும் ஏற்றினோம். 1950களில் ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய கணித அறிஞர் ரிச்சர்ட் பெல்மன் கண்டது இதைத்தான். முடிவே இல்லாமல் ஓடும் வண்டிக்கு அவருடைய சமன்பாடு இப்படி இருக்கும்:

```
V(s) = min over a of [ c(s,a) + γ · Σ P(s'|s,a) · V(s') ]
```

V(s) என்பது, s என்ற நிலையில் தொடங்கி இனி எப்போதும் சரியாகவே முடிவெடுத்தால் ஆகும் மொத்தச் செலவு. அது, இன்றைய செலவையும் நாளை போய்ச் சேரும் நிலையின் V-யையும் கூட்டி, எந்தச் செயலில் கூட்டுத்தொகை குறைவோ அந்தத் தொகைக்குச் சமம். V இரண்டு பக்கமும் இருக்கிறதே, எங்கிருந்து தொடங்குவது என்று முதலில் திகைப்பாக இருக்கும். வழி எளிது. எல்லா V-யும் சுழியம் என்று வைத்துத் தொடங்கி, வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கத்தில் போடுங்கள். திரும்ப அதையே செய்யுங்கள். நாம் ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டு என்று போட்டது அந்த முதல் மூன்று சுற்றுகள்தாம். ஒவ்வொரு சுற்றிலும் பிழை, முந்தையதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மிஞ்சாது. கடைசியில் புதியதற்கு 3,92,500, தேய்ந்ததற்கு 4,57,500, ஓய்ந்ததற்கு 4,92,500 என்று வந்து நிற்கும். ஓய்ந்ததை மேலும் ஓராண்டு ஓட்டினால் 5,03,250 ஆகும், ஆகவே மாற்று. தேய்ந்ததை மாற்றினால் 4,92,500 ஆகும், ஆகவே ஓட்டு. தொகைகள் நிலைபெறப் பல சுற்றுகள் பிடிக்கும். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்ற விடை மூன்றாம் சுற்றிலேயே வந்துவிட்டது.

இனி அந்த 90 பைசா. சமன்பாட்டில் அதுதான் γ, தள்ளுபடிக் காரணி. அது ஒன்றுக்குக் குறைவாக இருப்பதால்தான் முடிவில்லாத செலவுகளின் கூட்டுத்தொகை எல்லைக்குள் நிற்கிறது. ஆனால் அது வெறும் கணித வசதி இல்லை. முடிவெடுப்பவரின் நிலைமையும் அதில் இருக்கிறது. ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவர் நூற்றுக்கு ஆறு வட்டிக்குக் கடன் வாங்கிப் பிழைப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் ஆறு என்றால், வட்டிக்கு வட்டி சேர்ந்து ஓர் ஆண்டில் கடன் இரட்டிப்பாகும். அடுத்த ஆண்டின் ஒரு ரூபாய் அவருக்கு இன்று 50 பைசாதான். அதே கணக்கை 50 பைசாவில் போட்டால், ஓய்ந்த எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருக்க 1,20,000, மாற்ற 1,40,000. ஓட்டுவதே சரி! புகை கக்கும் வண்டியை விடாமல் ஓட்டுகிறவரைப் பார்த்து, கணக்குத் தெரியாதவர் என்று சொல்லிவிடுகிறோம். அவர் கணக்கு சரியாக இருக்கலாம். தவறு வட்டியில் இருக்கிறது.

மேடிசனுக்குத் திரும்புவோம். ரஸ்ட் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். செலவைக் கொடுத்து முடிவைக் கேட்காமல், 1974 முதல் 1985 வரை ஸர்ச்சர் எடுத்த முடிவுகளைக் கொடுத்து, அவர் மனத்தில் இருந்த செலவு என்ன என்று கேட்டார். மாதக் காரணியை 0.9999 என்று தாமே வைத்துக்கொண்டார். அதாவது அடுத்த ஆண்டின் நூறு ரூபாய்க்கு இன்று 99 ரூபாய் 88 பைசா. இன்றைய செலவை மட்டும் பார்ப்பவர் ஸர்ச்சர் என்று கொள்வதைவிட, நாளையையும் பார்ப்பவர் என்று கொண்டபோது பதிவேடுகள் நன்றாகப் பொருந்தின. ஆனால் எவ்வளவு தூரம் பார்த்தார் என்பதைப் பதிவேட்டிலிருந்து துல்லியமாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. காரணியைச் சற்றுக் கூட்டினாலும் குறைத்தாலும் பொருத்தம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது.

இன்னொரு சிக்கல் நிலையிலேயே இருந்தது. இந்த முறை செல்லுபடியாக, நாளையைத் தீர்மானிக்கும் எல்லாமே இன்றைய நிலைக்குள் அடங்கியிருக்க வேண்டும். வண்டியின் பழைய கதை வேறெதுவும் தேவைப்படக் கூடாது. மைல் மட்டுமே நிலை என்றால், ஒரே மைல் ஓடிய இரண்டு வண்டிகளுக்கு ஒரே முடிவுதான் வர வேண்டும். பதிவேட்டில் அப்படி இல்லை. ஒன்று மாற்றப்பட்டது, மற்றொன்று ஓடிக்கொண்டிருந்தது. விடுபட்டது எதுவோ இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். எஞ்சினை நேரில் பார்த்தவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று மைல் கணக்கில் ஏறவில்லை. நிலையில் எல்லாவற்றையும் சேர்த்துவிடலாம் என்றால், 90 படிகளோடு பத்துப் படியுள்ள இன்னும் இரண்டு அளவுகளைச் சேர்த்தாலே நிலைகள் 9,000 ஆகிவிடும். ஆகவே ரஸ்ட், ஸர்ச்சர் கண்டதும் தாம் காணாததுமான ஒன்றைத் தற்செயலாக ஏறி இறங்கும் ஓர் எண்ணாக ஒவ்வொரு மாதச் செலவோடும் கூட்டிக்கொண்டார். அதனால் அவருடைய மாதிரி, இத்தனை மைலில் மாற்றியே தீருவார் என்று ஒரு கோடு கிழிப்பதில்லை. மைல் ஏற ஏற மாற்றுவதற்கான வாய்ப்பும் எப்படி ஏறுகிறது என்று மட்டும் சொல்கிறது.